குறைமாதக் குழந்தை: ஊசிக்கு ஒரு தேதி, சோற்றுக்கு ஒரு தேதி

வாசகர் கேள்வி

என் மகள் ஜனவரி 10-ஆம் தேதி, 35 வாரத்திலேயே பிறந்துவிட்டாள். டாக்டர்கள் சொன்ன பிரசவத் தேதி பிப்ரவரி 14. பிறந்தபோது 2.4 கிலோ, இப்போது 5 கிலோ. "வளர்ச்சியை பிரசவத் தேதியிலிருந்து கணக்கிடுங்கள்" என்று மருத்துவமனையில் சொன்னதால், என் கணவர் தடுப்பூசி, பால், திட உணவு எல்லாவற்றுக்கும் பிப்ரவரி 14-ஐ வைத்தே கைபேசியில் நினைவூட்டல் போட்டுவிட்டார். அதன்படி இரண்டு மாத ஊசியை ஏப்ரல் 15-இல் போட்டோம். பிள்ளையின் சுகாதாரக் கையேட்டைப் பார்த்த பக்கத்து வீட்டு அக்கா தாமதம் என்றார். விட்டதைப் பிடிக்க, நான்கு மாத ஊசியை மே 10-ஆம் தேதியே போட்டுவிடலாம் என்கிறேன் நான். கணவர் ஜூன் 14 என்கிறார்.

திருச்சியிலிருந்து வந்திருக்கும் மாமியார், நாலு மாதம் ஆனதும் ராகிக் கூழ் கொடுக்கச் சொல்கிறார். இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை பால் அலாரம் அடிக்கிறது, இரவிலும்தான். பால் டின்னில் இந்த வயதுக்கு 180 மில்லி என்று இருக்கிறது. அவள் 120-க்கு மேல் குடித்தால் கக்குகிறாள். இரும்புச்சத்து சொட்டு மருந்து முதல் நாளிலிருந்து அதே அளவில் போகிறது. ஜூன் மாதம் நான் வேலைக்குத் திரும்புகிறேன். அக்டோபரில் சமயபுரத்தில் மொட்டையும் காதுகுத்தும். எந்தத் தேதியை நம்புவது, டாக்டர்?

– வாசகி, உட்லண்ட்ஸ், சிங்கப்பூர்

பதில்

வணக்கம். உங்கள் கணவர் கணக்கில் கெட்டிக்காரர்தான். ஆனால் ஒரே தேதியை எல்லாவற்றுக்கும் ஆதாரமாக வைத்ததில்தான் சிக்கல். மருத்துவமனையில் சொன்னது தவறில்லை. குழந்தை எப்போது சிரிக்கும், எப்போது தலை நிற்கும், எப்போது உட்காரும் என்பதையெல்லாம் பிரசவத் தேதியிலிருந்துதான் பார்க்க வேண்டும். இதைத் திருத்திய வயது என்போம். தடுப்பூசிக்கு அந்தக் கணக்கு கிடையாது. குழந்தை உண்மையில் பிறந்த நாள்தான் அதற்குக் கணக்கு. திட உணவு இரண்டுக்கும் நடுவில் வரும்.

ஊசிக்கு ஏன் பிறந்த தேதி?

"அவள் சின்னவள், உடம்பு தாங்கட்டும், ஒரு மாதம் பொறுப்போம்" என்ற எண்ணம் பல வீடுகளில் உண்டு. உங்கள் வீட்டிலும் அது எங்கோ ஓரத்தில் இருந்திருக்கும். விஷயம் இதற்கு நேர்மாறானது. தாயின் உடலிலிருந்து நோய் எதிர்ப்புப் பொருள்கள் குழந்தைக்குப் போவது பெரும்பாலும் கர்ப்பத்தின் கடைசி வாரங்களில்தான். உங்கள் மகள் அந்தக் கடைசி ஐந்து வாரங்களை இழந்தவள். பிறக்கும்போதே அவளுடைய கையிருப்பு குறைவு. அதனால் கக்குவான் இருமல் போன்ற நோய்களுக்கு அவள்தான் முதலில் பாதுகாப்புப் பெற வேண்டியவள். பிறந்த நாளிலிருந்து இரண்டு மாதம் ஆகும்போது குறைமாதக் குழந்தையின் உடலும் ஊசிக்குப் பதில் சொல்லத் தயாராகிவிடும். ஊசி மருந்தின் அளவையும் குறைப்பதில்லை, அரை ஊசி என்று ஒன்று இல்லை.

ஆகவே மார்ச் 10-இல் போட்டிருக்க வேண்டியது ஏப்ரல் 15-இல் போடப்பட்டிருக்கிறது. இதற்காகக் கலங்க வேண்டாம். தவணை தள்ளிப்போனால் முதலிலிருந்து தொடங்க வேண்டும் என்ற விதி எதுவும் இல்லை. போட்ட ஊசி போட்டதுதான். அடுத்த தவணையை எங்கே வைப்பது என்பதுதான் கேள்வி. அதில் நீங்கள் சொல்லும் தேதியும் சரியில்லை, உங்கள் கணவர் சொல்லும் தேதியும் சரியில்லை.

இந்த வரிசையில் ஒரு தவணைக்கும் அடுத்ததற்கும் இடையே குறைந்தது நான்கு வாரம் இருக்க வேண்டும். அதற்குள் போட்டால் உடம்பு இரண்டாவது ஊசியைச் சரியாகப் பயன்படுத்திக்கொள்ளாது. அந்தத் தவணை செல்லாது என்று திரும்பப் போடவும் நேரலாம். ஏப்ரல் 15-க்கு நான்கு வாரம் சேர்த்தால் மே 13. மே 10 என்பது 25 நாள்தான், மூன்று நாள் குறைகிறது. ஜூன் 14 வரை இழுத்தாலோ, கிடைக்க வேண்டிய பாதுகாப்பு மேலும் ஒரு மாதம் தள்ளிப்போகும். மே 14 அல்லது அதை அடுத்த ஒரு நாளில் பலதுறை மருந்தகத்தில் நேரம் எடுங்கள். பிள்ளைக்கு லேசான சளி, மூக்கொழுகல் இருந்தாலும் போகலாம். நல்ல காய்ச்சலாக இருந்தால் மட்டும் தள்ளிவையுங்கள்.

அன்று இரண்டு ஊசி இருக்கும். ஒன்று தொண்டை அடைப்பான், ரணஜன்னி, கக்குவான் இருமல், போலியோ, ஹிப் என்ற கிருமி தரும் நோய் ஆகிய ஐந்துக்கும் சேர்ந்தது. மற்றொன்று நிமோகாக்கல் கிருமிக்கானது, அதில் அவளுக்கு இதுதான் முதல் தவணை. இரண்டையும் ஒரே நாளில் தொடைக்கு ஒன்றாகப் போடுவார்கள். "ஒன்று இன்று, ஒன்று அடுத்த வாரம்" என்று பிரிக்க வேண்டாம். பிரித்தால் பிள்ளைக்கு இரண்டு நாள் அழுகை, உங்களுக்கு இன்னொரு தேதித் தலைவலி.

இதற்கு அப்புறம் வண்டி பழைய தடத்துக்கே வந்துவிடும். ஆறு மாத ஊசி ஜூலை 10. அன்று அந்த ஐந்தோடு ஹெப்பட்டைட்டிஸ் பி-யும் சேர்த்து ஆறு நோய்களுக்கான ஊசியும், நிமோகாக்கல் இரண்டாவது தவணையும். இந்தத் தேதியில் ஒரு கவனம் தேவை. அந்த ஆறில் ஒன்றான ஹெப்பட்டைட்டிஸ் பி ஊசியின் கடைசித் தவணையை, பிறந்து 24 வாரம் ஆகும் முன் போடக் கூடாது. அவளுக்கு 24 வாரம் ஜூன் 27-இல் நிறைகிறது. ஆகையால் ஜூலை 10 பொருந்தும். "சீக்கிரம் முடித்துவிடுவோம்" என்று ஜூன் நடுவில் ஓடினால் பொருந்தாது. தமிழ்நாட்டில் 6, 10, 14 வாரங்களில் ஊசி போடுவார்கள். திருச்சி உறவினர்கள் அந்த அட்டவணையைச் சொன்னால் அவர்கள் சொல்வது தவறில்லை, அது வேறு நாட்டு அட்டவணை. இரண்டையும் கலக்காமல் இருந்தால் போதும்.

ஒரு விஷயத்தை மறைக்காமல் சொல்கிறேன். ரோட்டா வைரஸ் வயிற்றுப்போக்குக்கு வாயில் ஊற்றும் சொட்டு மருந்து ஒன்று உண்டு. அதற்கு வயது உச்சவரம்பு இருக்கிறது. முதல் தவணையைப் பொதுவாக 15 வாரத்துக்குள் தொடங்கிவிட வேண்டும். பிள்ளை பெரிதான பிறகு தொடங்கினால், குடல் ஒன்றுக்குள் ஒன்று செருகிக்கொள்ளும் அரிதான சிக்கலைப் பற்றிய எச்சரிக்கையால்தான் இந்த வரம்பு. நீங்கள் அதைக் கொடுக்காமல் இருந்திருந்தால், இப்போது பெரும்பாலான மருத்துவர்கள் தொடங்க மாட்டார்கள். மற்ற ஊசிகளைப் பிறகு பிடித்துவிடலாம், இதைப் பிடிக்க முடியாது. பாலை எடுக்கும் முன் கை கழுவுவது, பாட்டிலைக் கொதிநீரில் போடுவது ஆகியவற்றில் கொஞ்சம் கூடுதல் கண்டிப்பாக இருங்கள்.

நினைவூட்டலை எப்படி மாற்றுவது

உங்கள் கணவரிடம் இதைச் சொல்லுங்கள். பிறந்த நாளிலிருந்து ஒரு வருடத்துக்கும் முன்கூட்டியே எல்லாத் தேதிகளையும் நிரப்பிவைத்தால், ஒன்று தள்ளிப்போனதும் மற்றவை எல்லாம் பொய்யாகிவிடும். ஒரு நேரத்தில் அடுத்த ஊசிக்கு மட்டும் நினைவூட்டல் இருக்கட்டும். அதில் மூன்று வரி எழுதுங்கள்: "இதற்கு முன் கூடாது", "இலக்குத் தேதி", "போன ஊசி போட்ட உண்மையான தேதி". ஊசி போட்ட அன்றே, மருந்தகத்தை விட்டு வெளியே வரும் முன், தாதி சுகாதாரக் கையேட்டில் எழுதியதைப் பார்த்து அடுத்ததைப் போடுங்கள். முதல் நினைவூட்டல் இரண்டு வாரத்துக்கு முன் அடிக்கட்டும், நேரம் எடுப்பதற்காக. இரண்டாவது முந்தின நாள் அடித்தால் போதும்.

கைபேசிக்கும் கையேட்டுக்கும் முரண் வந்தால் கையேட்டை நம்புங்கள். ஹெல்த்ஹப் செயலியில் சிங்பாஸ் வழியாக நுழைந்தால் பிள்ளையின் பெயரில் பதிவான ஊசிகள் தெரியும். ஏப்ரல் 15 தவணை அதில் இருக்கிறதா என்று இப்போதே ஒருமுறை பார்த்துவிடுங்கள். இல்லாவிட்டால் போட்ட இடத்தில் கேட்டுச் சரிசெய்வது இன்று எளிது. இரண்டு வருடம் கழித்துப் பாலர் பள்ளியில் கேட்கும்போது அலைவது கடினம். சிங்கப்பூரில் தட்டம்மை, தொண்டை அடைப்பான் இரண்டுக்கும் ஊசி சட்டப்படி கட்டாயம். பாலர் பள்ளியில் சேர்க்கும்போது அதற்கான பதிவு வேண்டும். உங்கள் மகள் சிங்கப்பூர்க் குடிமகள் என்றால் தேசியச் சிறார் தடுப்பூசி அட்டவணையில் உள்ள ஊசிகளுக்குப் பலதுறை மருந்தகத்தில் கட்டணம் இல்லை. சாஸ் திட்டத்தில் உள்ள தனியார் மருந்தகங்களிலும் அப்படியே. உங்களுக்குத் தோதான இடத்தில் போட்டுக்கொள்ளலாம்.

பால்: அலாரத்தை நிறுத்துங்கள்

இரண்டு மணி நேர அலாரத்துக்கு ஒரு காலத்தில் நியாயம் இருந்தது. 35 வாரத்தில் பிறக்கும் பிள்ளைகள் முதல் சில வாரம் தூங்கிக்கொண்டே இருப்பார்கள், பசித்தாலும் எழ மாட்டார்கள். அப்போது மூன்று மணி நேரத்துக்குள் எழுப்பிப் பால் கொடுக்கத்தான் வேண்டும். பிறந்த எடையைத் திரும்பப் பெற்று, சீராக எடை கூடத் தொடங்கியதும் அந்தக் காலம் முடிந்துவிடுகிறது. உங்கள் மகள் 2.4 கிலோவிலிருந்து 5 கிலோவுக்கு வந்திருக்கிறாள். முதல் இரண்டு வாரத்தைக் கழித்துப் பார்த்தால் ஒரு நாளைக்கு ஏறக்குறைய 26 கிராம் கூடியிருக்கிறது. இந்த வயதில் நாங்கள் எதிர்பார்ப்பது 20 முதல் 30 கிராம். நடுராத்திரியில் தூங்கும் பிள்ளையை எழுப்ப ஒரு காரணமும் இல்லை. இரவில் நான்கைந்து மணி நேரம் தூங்கினால் தூங்கட்டும், நீங்களும் தூங்குங்கள்.

அலாரத்துக்குப் பதில் பிள்ளையே சொல்வாள். தலையைத் திருப்பித் தேடுவது, கையை வாய்க்குக் கொண்டுபோவது, உதட்டைச் சப்புவது எல்லாம் பசியின் முதல் அறிகுறிகள். அழுகை கடைசியில்தான் வரும். அழுத பிறகு கொடுத்தால் காற்றையும் விழுங்கிவிடுவாள். கைபேசியில் ஒன்று வைத்துக்கொள்ள வேண்டும் என்றால், இரவு எட்டு மணிக்கு ஒரு கேள்வி மட்டும் வையுங்கள்: "இன்று ஈர நாப்கின் எத்தனை?" ஆறும் அதற்கு மேலும் இருந்தால் பால் போதுகிறது.

இப்போது அந்த 180 மில்லி. டின்னில் இருக்கும் பட்டியல் வயதை வைத்து எழுதப்படுகிறது, அதுவும் நிறைமாதக் குழந்தையின் வயதை வைத்து. உங்கள் மகளுக்கு எடையை வைத்துக் கணக்கிடுங்கள். ஒரு கிலோவுக்கு ஒரு நாளைக்கு ஏறக்குறைய 150 மில்லி. 5 கிலோவுக்கு 750. ஆறு முறை குடித்தால் ஒவ்வொரு முறையும் 125. அவள் 120-இல் வாயை மூடுகிறாள் என்றால், டின்னைவிட அவளுக்குக் கணக்கு நன்றாகத் தெரிகிறது! 180 வீதம் ஆறு முறை என்றால் 1,080 மில்லி, கிலோவுக்கு 216. கக்காமல் என்ன செய்வாள்? பாட்டிலில் மீதி இருப்பதைப் பார்த்து மாமியாருக்கு மனம் கேட்காது, அது இயல்பு. அதற்காகத் தூங்க வைத்து ஊற்றுவது, வாயில் திணிப்பது வேண்டாம். தாய்ப்பால் குடிக்கும் வேளைகளில் மில்லிக் கணக்கே தேவையில்லை. எடை கூடக் கூட 150-ஆல் பெருக்கிப் பார்க்கலாம், ஆனால் அது ஒரு வழிகாட்டிதான். திட உணவு தொடங்கியதும் அந்தக் கணக்கை விட்டுவிடுங்கள்.

ஜூன் மாதம் நீங்கள் வேலைக்குப் போகும்போது பால் அலாரம் உங்கள் கைபேசிக்கு மாறட்டும். அலுவலகத்தில் மூன்று அல்லது நான்கு மணி நேரத்துக்கு ஒருமுறை பால் எடுக்க வேண்டும், இல்லாவிட்டால் சுரப்பு குறையும். எடுத்த பாலில் தேதியையும் நேரத்தையும் எழுதிவிடுங்கள். குளிர்சாதனப் பெட்டியில் நான்கு நாள் வரை இருக்கலாம், அறை வெப்பத்தில் நான்கு மணி நேரம்தான். நம் ஊர் வெப்பத்தில் அதையும் நீட்டாதீர்கள்.

இரும்புச்சத்து சொட்டு மருந்து

உங்கள் கடிதத்தில் என்னை நிமிர்ந்து உட்கார வைத்த வரி இதுதான். குழந்தை இரும்புச்சத்தைச் சேமித்துவைப்பதும் கர்ப்பத்தின் கடைசி மூன்று மாதத்தில்தான். முன்கூட்டியே பிறந்த பிள்ளைக்கு அந்தச் சேமிப்பு சீக்கிரம் தீர்ந்துவிடும், அதனால்தான் இந்த மருந்து. பெரும்பாலும் எடை கிலோவுக்கு ஒரு நாளைக்கு 2 மில்லிகிராம் என்ற கணக்கில் கொடுப்போம். 2.4 கிலோ இருந்தபோது அது ஏறக்குறைய 5 மில்லிகிராம். 5 கிலோவுக்கு 10 மில்லிகிராம். பிள்ளை இரண்டு மடங்காகிவிட்டாள், மருந்து அங்கேயே நிற்கிறது.

அதற்காக நீங்களே இரட்டிப்பாக்கிவிடாதீர்கள். ஒவ்வொரு நிறுவனத்தின் சொட்டு மருந்திலும் ஒரு மில்லியில் எவ்வளவு இரும்பு என்பது மாறும். பால் மாவிலும் இரும்பு சேர்ந்திருக்கிறது, அதையும் கணக்கில் எடுக்க வேண்டும். மே 14 அன்று மருந்துப் புட்டியையும் பால் டின்னின் படத்தையும் கொண்டுபோங்கள். பிள்ளையை எடை போட்டதும் "இந்த எடைக்கு இந்த அளவு சரியா?" என்று கேளுங்கள். அப்புறம் ஒவ்வொரு முறை எடை போடும்போதும் அதையே கேளுங்கள். இது நாளுக்கு ஒருமுறை வரும் நினைவூட்டல்தான், ஆனால் அதில் எழுதியிருக்கும் அளவுக்கு ஒரு காலாவதித் தேதி இருக்க வேண்டும். மலம் கருமையாகப் போனால் பயப்பட வேண்டாம், அது இரும்பின் நிறம். மருந்தைக் குழந்தைகள் எடுக்க முடியாத இடத்தில் வையுங்கள். வீட்டில் வேறு சின்னப் பிள்ளைகள் இருந்தால் இது மிக முக்கியம்.

ராகிக் கூழ் எப்போது?

மாமியாரிடம் சண்டை வேண்டாம். ராகி நல்ல உணவு. இப்போது கொடுக்கக் கூடாது, அவ்வளவுதான். பிரசவத் தேதியிலிருந்து பார்த்தால் மே 10-இல் அவளுக்கு மூன்று மாதம்கூட நிறையாது. தலையே இன்னும் உறுதியாக நிற்காது. கரண்டி உள்ளே போனால் நாக்கு தானாக வெளியே தள்ளும், அது மூச்சுக்குழாயைக் காக்கும் இயற்கையின் ஏற்பாடு. அதோடு கூழ் வயிற்றை நிரப்பி, சத்துள்ள பாலுக்கு இடமில்லாமல் செய்துவிடும்.

நிறைமாதக் குழந்தைக்கு ஏறக்குறைய ஆறு மாதம் என்போம். உங்கள் மகளுக்கு ஒரு தேதிக்குப் பதில் ஒரு காலத்தை வைத்துக்கொள்ளுங்கள். ஜூலை 10-இல் உண்மையான வயது ஆறு மாதம், திருத்திய வயது ஐந்து மாதத்துக்குச் சற்றுக் குறைவு. அன்றிலிருந்து வாரம் ஒருமுறை மூன்று விஷயத்தைப் பாருங்கள். பிடித்து உட்கார வைத்தால் தலையை நேராக வைத்திருக்கிறாளா? நீங்கள் சாப்பிடுவதைக் கண்ணால் தொடர்ந்து கை நீட்டுகிறாளா? கரண்டியில் ஒரு துளி வைத்தால் விழுங்குகிறாளா, வெளியே தள்ளுகிறாளா? மூன்றும் வந்த வாரம் தொடங்குங்கள். ஆகஸ்ட் 14, அதாவது திருத்திய வயது ஆறு மாதம் ஆகியும் வரவில்லை என்றால் மருத்துவரிடம் காட்டுங்கள். அதற்கு மேல் காத்திருந்தால் இரும்புச்சத்தில் அடி விழும்.

தொடங்கும்போது நாளுக்கு ஒருமுறை, இரண்டு மூன்று தேக்கரண்டி, பால் குடித்துச் சற்று நேரம் கழித்து. கூழ் கரண்டியிலிருந்து தண்ணீராக ஓடக் கூடாது, ஒட்டி நிற்கும் பதம் வேண்டும். ராகியை மட்டும் நம்பாதீர்கள். அதில் உள்ள இரும்பைக் குழந்தையின் குடல் முழுதாக எடுத்துக்கொள்ளாது. நன்றாக வெந்த பருப்பு, மசித்த மீன், கோழி, வெந்த முட்டை ஆகியவற்றை முதல் வாரங்களிலேயே சேர்க்கலாம். முட்டையையும் நிலக்கடலையையும் ஒரு வயது வரை தள்ளிவைக்கும் பழக்கம் இப்போது இல்லை. தள்ளிவைத்தால் ஒவ்வாமை குறையாது, கூடவும் செய்யலாம். கடலையை நன்றாக அரைத்துக் கூழில் கலந்துதான் கொடுக்க வேண்டும், முழுக் கடலை மூச்சை அடைக்கும். கடுமையான தோல் கரப்பான் இருக்கும் பிள்ளை என்றால் மட்டும் முதலில் மருத்துவரைக் கேளுங்கள். உப்பு, சர்க்கரை வேண்டாம். தேன் ஒரு வயது வரை துளிகூட வேண்டாம், நாக்கில் தடவும் சாங்கியத்துக்கும் இது பொருந்தும். தேனில் இருக்கக்கூடிய ஒரு கிருமி, சின்னக் குழந்தையின் குடலில் வளர்ந்து தசைகளைச் செயலிழக்க வைத்துவிடும்.

உணவு நினைவூட்டல் வளரும் விதம் இப்படி இருக்கட்டும்: தொடங்கிய சில வாரத்தில் நாளுக்கு இரண்டு மூன்று வேளை, ஒன்பது மாதத்தை ஒட்டி மூன்று நான்கு வேளை. மசியல் எட்டு மாதத்துக்கு மேலும் அப்படியே நீடிக்கக் கூடாது. கட்டியாக மசித்தது, அப்புறம் கையில் பிடித்துக் கடிக்கும் மென்மையான துண்டு என்று போக வேண்டும். மிக்சியில் அரைத்ததையே ஒரு வயது வரை கொடுத்துவிட்டு "மெல்லவே மாட்டேன் என்கிறாள்" என்று வரும் வீடுகளை நான் அடிக்கடி பார்க்கிறேன்.

சமயபுரம் போகும் முன்

அக்டோபரில் அவளுக்கு ஒன்பது மாதம். காதுகுத்துக்கு ரணஜன்னிப் பாதுகாப்பு வேண்டும், ஜூலை 10-க்குள் மூன்று தவணையும் முடிந்துவிடும் என்பதால் அதில் கவலை இல்லை. சளிக்காய்ச்சல் ஊசியை ஆறு மாதம் முதல் போடலாம். முதல் முறை என்பதால் நான்கு வார இடைவெளியில் இரண்டு தவணை. ஜூலை 10-இல் ஒன்று, ஆகஸ்ட் முதல் வாரம் கழித்து மற்றொன்று என்றால் பயணத்துக்கு முன் முடிந்துவிடும்.

கவனிக்க வேண்டியது தட்டம்மை. சிங்கப்பூரில் அந்த ஊசி 12 மாதத்தில்தான். ஆனால் தட்டம்மை பரவும் இடத்துக்குப் போகும் ஆறு மாதத்துக்கு மேற்பட்ட குழந்தைக்கு ஒரு தவணையை முன்கூட்டியே போடலாம். புறப்படுவதற்குக் குறைந்தது இரண்டு வாரம் முன், செப்டம்பரில் மருத்துவரிடம் பேசி முடிவு செய்யுங்கள். திருவிழாக் கூட்டத்தில் ஒன்பது மாதக் குழந்தை என்றால் நான் போடச் சொல்வேன்.

பலர் சறுக்கும் இடம் இதற்குப் பிறகுதான் வருகிறது. முன்கூட்டிப் போட்ட தவணை கணக்கில் சேராது. தாயிடமிருந்து வந்த எதிர்ப்புப் பொருளின் மிச்சம், இந்த வயதில் ஊசியின் வேலையைப் பாதியில் தடுத்துவிடலாம். அதனால் ஒரு வயதில் முதல் தவணை, 15 மாதத்தில் இரண்டாவது என்று இரண்டையும் முழுமையாகப் போட வேண்டும். திருச்சியில் ஒன்பது மாத ஊசியைப் போட்டாலும் இதே விதிதான். உங்கள் கணவரின் செயலியில் "தட்டம்மை – முடிந்தது" என்று குறித்தால் ஜனவரி நினைவூட்டல் சத்தமில்லாமல் மறைந்துவிடும். "பயணத் தவணை" என்று தனிப் பெயரில் குறியுங்கள். இந்தியாவில் எந்த ஊசி போட்டாலும் மருந்தின் பெயர், தேதி, தொகுதி எண் மூன்றையும் எழுதி வாங்கி வாருங்கள். அது இங்கே தானாகப் பதிவாகாது, கையேட்டோடு காட்டிப் பதிய வைக்க வேண்டும்.

அடுத்த ஜனவரி 10-ஆம் தேதி தட்டம்மை, பொன்னுக்குவீங்கி, ருபெல்லா சேர்ந்த ஊசி, சின்னம்மை ஊசி, நிமோகாக்கல் கடைசித் தவணை என்று மூன்று இருக்கும். தட்டம்மை, சின்னம்மை இரண்டும் உயிருள்ள கிருமியை வலுவிழக்கச் செய்து தயாரித்தவை. ஒரே நாளில் போட வேண்டும், இல்லையேல் நான்கு வார இடைவெளி விட வேண்டும். நடுவில் இரண்டு வாரம் என்று வைத்தால் இரண்டாவது ஊசி சரியாக வேலை செய்யாது. அதற்கு ஏழு முதல் பன்னிரண்டு நாள் கழித்துக் காய்ச்சலும் லேசான தடிப்பும் வரலாம் என்பதையும் அந்த நினைவூட்டலிலேயே எழுதிவையுங்கள். அதற்குள் ஊசி போட்டதை எல்லோரும் மறந்திருப்பீர்கள்.

எந்தத் தேதிக்கும் காத்திருக்கக் கூடாத சில உண்டு. நாள் முழுக்க ஈர நாப்கின் நான்குக்குக் கீழ் போவது, தொடர்ந்து இரண்டு மூன்று வேளை பாலை மறுப்பது, பச்சை நிற வாந்தி, மூச்சு விடும்போது விலா எலும்பு உள்ளே இழுப்பது, எழுப்பினாலும் துவண்டு கிடப்பது. இவற்றில் எது வந்தாலும் அன்றே, இரவானாலும், குழந்தைகள் அவசரப் பிரிவுக்குத் தூக்கிக்கொண்டு போங்கள்.